வங்கிப் பெருந்தொகை, ஏஐஎஸ் தகவல், ரிட்டர்ன்: மூன்றையும் ஒத்துப்பார்க்கும் முழுமையான வழிகாட்டி

‘உங்கள் சேமிப்புக் கணக்கில் 22,10,000 ரூபாய் ரொக்கமாகச் செலுத்தப்பட்டுள்ளது, நீங்கள் காட்டிய வருமானத்தோடு இது பொருந்தவில்லை.’ வருமான வரித் துறையிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். வங்கி ஸ்டேட்மெண்டின் மொத்த வரவை எடுத்து, ரிட்டர்னில் காட்டிய வருமானத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கிறார்கள். அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. வங்கி வரவில் கடனும் இருக்கும், முதிர்ந்த வைப்புத்தொகையும் இருக்கும், சொந்தப் பணம் இடம் மாறியதும் இருக்கும்.

ஒத்துப்பார்ப்பதை இரண்டு தனி வேலைகளாகப் பிரிக்க வேண்டும். முதலாவது, வங்கி துறைக்குச் சொன்ன தொகையும் உங்கள் ஸ்டேட்மெண்டில் உள்ள தொகையும் ஒன்றா என்பது. இரண்டாவது, அந்தத் தொகையில் எவ்வளவு வருமானம், அது ரிட்டர்னில் வந்திருக்கிறதா என்பது. முதல் வேலை முடியாமல் இரண்டாவதைத் தொட்டால், உங்களுடையதே அல்லாத பணத்துக்கு விளக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஈரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டு, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டு. 44ஏடி பிரிவில் உத்தேச வருமானம் காட்டி ஐடிஆர்-4 தாக்கல் செய்பவர். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்குவதில்லை. தொகைகள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. சட்ட வரம்புகளும் விகிதங்களும் 2024-25க்கு உரியவை.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஸ்டேட்மெண்ட், உங்கள் பெயர் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் வேண்டும். இரண்டாவது பெயராக இருக்கும் கூட்டுக் கணக்கும் இதில் அடக்கம். பிடிஎஃப் ஒன்று, எக்செல் ஒன்று என இரண்டு வடிவிலும் எடுங்கள். கணக்குப் போட எக்செல். சான்றாகக் காட்ட பிடிஎஃப்.

அடுத்து, வருமான வரி இணையதளத்தில் உள்நுழைந்து ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை, அதன் சுருக்கமான டிஐஎஸ், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் மூன்றையும் பதிவிறக்குங்கள். ஏஐஎஸ் பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல், பான் எண்ணைச் சிறிய எழுத்தில் தட்டி, அதை ஒட்டிப் பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கமாகச் சேர்த்தது.

பதிவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். வங்கிகள் பெருந்தொகைப் பரிவர்த்தனை அறிக்கையைத் தர மே 31 வரை அவகாசம் உண்டு. கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் அறிக்கைக்கும் அதே தேதிதான். ஏப்ரலில் எடுத்த ஏஐஎஸ் பாதி காலியாக இருக்கும். அதை நம்பி ரிட்டர்ன் போட்டவர்கள்தான் பிறகு அதிகம் சிக்குகிறார்கள். ஜூன் நடுப்பகுதிக்கு மேல் எடுத்ததையே வேலைக்குப் பயன்படுத்துங்கள். ரிட்டர்ன் போடும் நாளில் இன்னொரு முறை எடுத்து, ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றோடு தாக்கல் செய்த ரிட்டர்ன், முந்தைய ஆண்டின் ரிட்டர்ன், வைப்புநிதி வட்டிச் சான்றிதழ், கடன் கணக்கு விவரம், கடையின் பில் புத்தகம், கொள்முதல் பில்கள் ஆகியவையும் வேண்டும். முந்தைய ஆண்டு ரிட்டர்ன் எதற்கு என்பது நான்காம் படியில் தெரியும்.

## 2. ஸ்டேட்மெண்டின் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வகை கொடுங்கள்

ஏஐஎஸ்ஸை இப்போது திறக்க வேண்டாம். அதை முதலில் பார்த்தால் அதில் இருப்பதை மட்டும் தேடத் தோன்றும். அதில் வராத வருமானம் விட்டுப்போகும். ஸ்டேட்மெண்ட்தான் அடித்தளம்.

எக்செல்லில் தேதி, விவரம், பற்று, வரவு என்ற நான்கு நெடுவரிசைகளுக்குப் பிறகு ‘வகை’, ‘சான்று’ என்று இரண்டைச் சேருங்கள். வகைகள் எட்டுக்கு மேல் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ரொக்கம், யுபிஐ விற்பனை, வைப்புநிதி, சொந்த மாற்றம், கடன், அன்பளிப்பு, திரும்பியது, வட்டி ஆகியவை ஒரு கடைக்காரருக்குப் போதும்.

ரொக்க வரவு `BY CASH`, `CASH DEP`, `CDM` என்று வங்கிக்கு வங்கி வெவ்வேறு பெயரில் இருக்கும். இயந்திரத்தில் போட்ட பணம் பலருக்கு விட்டுப்போவது இதனால்தான். எல்லா வரவுக்கும் வகை எழுதியபின் இப்படிக் கூட்டுங்கள்:

```
=SUMIFS(D:D,E:E,"ரொக்கம்")
```

வகைகளின் கூட்டுத்தொகை, ஸ்டேட்மெண்டின் அடியில் வங்கி அச்சிட்டிருக்கும் மொத்த வரவுக்கு ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரிக்கு வகை கொடுக்கவில்லை, அல்லது எக்செல்லாக மாற்றும்போது ஒரு தொகை எழுத்தாக மாறிவிட்டது. பின்னது அடிக்கடி நடக்கும். அந்தத் தொகை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

நம் கடைக்காரரின் சேமிப்புக் கணக்கு இப்படிப் பிரிகிறது:

- ரொக்கம்: 18,60,000
- யுபிஐ விற்பனை: 21,40,000
- முதிர்ந்த வைப்புநிதி: 6,08,450
- வேறு வங்கியிலுள்ள சொந்தக் கணக்கிலிருந்து: 4,00,000
- நகைக்கடன்: 3,00,000
- தந்தையிடமிருந்து: 2,00,000
- பணமாகாமல் திரும்பிய காசோலை: 60,000
- சேமிப்புக் கணக்கு வட்டி: 11,200
- மொத்தம்: 55,79,650

கடையில் கார்டு இயந்திரம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் வரவு வைப்பார்கள். விற்பனை என்பது பிடித்தம் செய்வதற்கு முந்தைய தொகை. எனவே செட்டில்மெண்ட் அறிக்கையிலிருந்து முழுத் தொகையை எடுக்க வேண்டும்.

## 3. ஏஐஎஸ் சொல்லும் தொகையை ஸ்டேட்மெண்டோடு பொருத்துங்கள்

இப்போது ஏஐஎஸ்ஸின் எஸ்எஃப்டி பகுதிக்கு, அதாவது வங்கி முதலியோர் தெரிவித்த பெருந்தொகைப் பரிவர்த்தனைகள் உள்ள பகுதிக்கு வாருங்கள். எந்த வரம்பைத் தாண்டினால் வங்கி தகவல் தர வேண்டும் என்பதை வருமான வரி விதி 114இ சொல்கிறது. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கு வகையில் ரொக்க டெபாசிட் மொத்தம் 10 லட்சமோ அதற்கு மேலோ போனால், அது SFT-004. நடப்புக் கணக்குக்கு வரம்பு 50 லட்சம், அது SFT-003. ஒரு வங்கியில் உள்ள ஒரே வகைக் கணக்குகள் அனைத்தையும் கூட்டித்தான் வரம்பு பார்க்கப்படும். ‘இரண்டு கிளையில் 9 லட்சம் 9 லட்சமாகப் போட்டால் தெரியாது’ என்பது வெறும் நம்பிக்கை.

நம் கடைக்காரரின் ஸ்டேட்மெண்டில் ரொக்கம் 18,60,000. ஏஐஎஸ்ஸில் 22,10,000. வித்தியாசம் 3,50,000.

இந்த இடத்தில் பலரும் 3,50,000க்கு எங்கிருந்தாவது ஒரு விளக்கத்தை உண்டாக்கப் பார்க்கிறார்கள். அதற்கு முன் ஏஐஎஸ் வரியின் மீது சொடுக்கி விரியுங்கள். கணக்கு எண் வாரியாகப் பிரிந்து தெரியும். இங்கே இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று அவருடைய கணக்கு, 18,60,000. மற்றொன்று அதே வங்கியின் வேறு கிளையில் அவருடைய தாயார் முதல் பெயராகவும் இவர் இரண்டாம் பெயராகவும் உள்ள கூட்டுக் கணக்கு, 3,50,000.

இது வங்கியின் பிழை அன்று. கூட்டுக் கணக்காக இருந்தால் முழுத் தொகையையும் ஒவ்வொருவர் பெயரிலும் காட்ட வேண்டும் என்பதே விதி. பாதி பாதியாகப் பிரிக்க மாட்டார்கள். 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்தை இருவர் பெயரில் பதிவு செய்தாலும் இதே கதைதான். இருவரின் ஏஐஎஸ்ஸிலும் முழு மதிப்பு வரும்.

தாயாரின் 3,50,000, மஞ்சள் விற்ற பணம். 1,80,000 ஒரு முறை, 1,70,000 ஒரு முறை. ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீதும், நிலத்தின் சிட்டா, அடங்கல் நகலும் இருந்தால் இது அவருடைய விவசாய வருமானம் என்று நிற்கும். மகனின் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் ‘அது அம்மா கணக்கு’ என்று வாயால் சொல்வது போதாது. ரசீதின் தேதியும் டெபாசிட் தேதியும் அருகருகே இருக்க வேண்டும்.

கூட்டுக் கணக்கு இல்லாமலும் வித்தியாசம் வரலாம். ஒரே தகவல் இருமுறை ஏறியிருக்கலாம். உங்கள் பான் எண்ணை வேறொருவர் கணக்கில் தவறாக இணைத்திருக்கலாம். முந்தையதில் தொகையும் கணக்கு எண்ணும் அப்படியே மறுபடி இருக்கும். பிந்தையதில் கணக்கு எண்ணே உங்களுக்குத் தெரியாததாக இருக்கும். பிந்தையது என்றால் அன்றே வங்கிக் கிளைக்கு எழுத்துமூலம் கொடுங்கள்.

## 4. ரொக்கம் எங்கிருந்து வந்தது: தேதி வாரியாகக் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்கும் படி இதுதான். கேள்வி வருவதும் பெரும்பாலும் இதில்தான்.

புதிதாகச் செய்பவர்கள் ரொக்க டெபாசிட்டை விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். யுபிஐ 21,40,000, ரொக்கம் 18,60,000, ஆக விற்றுமுதல் 40 லட்சம் என்று கணக்கு முடிந்துவிடும். இது இரண்டு பக்கமும் தவறு. கல்லாவில் விழுந்த பணத்தில் ஒரு பகுதி சரக்கு வாங்கவும் வீட்டுச் செலவுக்கும் போனபின் மிஞ்சியதுதான் வங்கிக்கு வந்தது. எனவே விற்பனை அதைவிட அதிகம். மறுபக்கம், டெபாசிட்டில் முன்பு வங்கியிலிருந்து எடுத்த பணமும் திரும்பி வந்திருக்கும். அந்த அளவு விற்பனையே அன்று.

சரியான வழி ரொக்கப் புத்தகம். ஆரம்பக் கைரொக்கம், உள்ளே வந்தது, வெளியே போனது, இறுதிக் கைரொக்கம். நம் கடைக்காரருக்கு ஆண்டு முழுவதும் இப்படி:

- 2024 ஏப்ரல் 1 கைரொக்கம்: 85,000
- கடையின் ரொக்க விற்பனை: 24,80,000
- வங்கியிலிருந்து எடுத்தது: 3,20,000
- கூட்டுத்தொகை: 28,85,000
- வங்கியில் போட்டது: 18,60,000
- ரொக்கக் கொள்முதலும் கடைச் செலவும்: 6,20,000
- வீட்டுச் செலவு: 3,35,000
- 2025 மார்ச் 31 கைரொக்கம்: 70,000

ஆரம்பக் கைரொக்கம் 85,000 என்று நீங்களாக எழுதிவிட முடியாது. ஐடிஆர்-4இல் 44ஏடி காட்டுபவர்கள் ஆண்டு இறுதியின் ரொக்க இருப்பை நிரப்ப வேண்டும். முந்தைய ஆண்டு ரிட்டர்னில் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் இந்த ஆண்டின் ஆரம்பம். அங்கே 5,000 என்று போட்டுவிட்டு இங்கே 5 லட்சம் கைரொக்கம் இருந்தது என்று சொன்னால், உங்கள் ரிட்டர்னே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். அதனால்தான் முந்தைய ரிட்டர்னை முதலிலேயே எடுக்கச் சொன்னது.

ஆண்டு மொத்தம் பொருந்தினால் மட்டும் போதாது. எந்த ஒரு நாளிலும் கைரொக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. இல்லாத பணத்தை யாராலும் வங்கியில் போட முடியாது. தேதி வரிசையில் ரொக்கம் வந்ததை B, போனதை C நெடுவரிசையில் எழுதி, D நெடுவரிசையில் ஓடும் இருப்பைப் போடுங்கள். D2 ஆரம்பக் கைரொக்கம். D3இல் இதை எழுதி, கடைசி வரை கீழே இழுத்துவிடலாம்:

```
=D2+B3-C3
```

நம் கடைக்காரருக்கு ஜூன் 1 அன்று புத்தகப்படி இருப்பு 1,10,000. 12ஆம் தேதி வரை ரொக்க விற்பனை 82,000, செலவு 32,000. கையில் 1,60,000 இருக்க வேண்டும். ஆனால் 12ஆம் தேதி வங்கியில் போட்டது 2,40,000. இருப்பு 80,000 குறைவாகக் காட்டுகிறது.

இப்படிக் கீழே இறங்கும் இடத்தில் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: வங்கியிலிருந்து எடுத்த பணம் புத்தகத்தில் ஏறவில்லை, வேறொருவரிடம் வாங்கிய கைமாற்று எழுதப்படவில்லை, அல்லது விற்பனை விட்டுப்போயிருக்கிறது. இந்த வரிசையிலேயே தேடுங்கள்; முதலாவதற்கு ஸ்டேட்மெண்டே சான்று என்பதால் அது எளிது. இங்கே மே 28 அன்று 1,00,000 எடுத்தது ஸ்டேட்மெண்டின் பற்றுப் பக்கத்தில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. அதைச் சேர்த்ததும் ஜூன் 12 இருப்பு 20,000 ஆகிறது.

எடுத்த பணத்தைத் திரும்பப் போட்டதாகச் சொல்லும்போது இடைவெளியும் கேட்கப்படும். செப்டம்பர் 10 அன்று மொத்தக் கொள்முதலுக்காக 2,00,000 எடுத்து, பேரம் படியாமல் 24ஆம் தேதி திரும்பப் போட்டார் என்பது நம்பத்தக்கது. ஏப்ரலில் எடுத்ததை பிப்ரவரியில் போட்டேன் என்றால், பத்து மாதம் வீட்டில் ஏன் வைத்திருந்தீர்கள், அந்த இடைவெளியில் மறுபடி ஏன் ஏடிஎம்மில் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லாவிட்டால் அந்த விளக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

தயவுசெய்து செய்யக் கூடாத ஒன்று: ரொக்க விற்பனையைக் கணக்கை ஈடுகட்டும் எண்ணாகப் போடுவது. மீதி எல்லாம் எழுதியபின் எவ்வளவு குறைகிறதோ அதையே ‘விற்பனை’ என்று நிரப்பினால் ரொக்கப் புத்தகம் அழகாக முடியும். ஆனால் கொள்முதல் பில்களோடு அது நிற்காது. விற்கும் அளவுக்குச் சரக்கு வாங்கியிருக்க வேண்டும். விற்பனை பில் புத்தகத்திலிருந்து வரட்டும். கொள்முதலை வைத்து அதைச் சோதியுங்கள்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. விளக்க முடியாத வரவு 68, 69ஏ போன்ற பிரிவுகளில் விழுந்தால், வரி 115பிபிஇ பிரிவின் கீழ் 60 சதவீதம், அதன் மேல் 25 சதவீதம் கூடுதல் கட்டணம், பிறகு 4 சதவீத செஸ். இரண்டு லட்சத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால் வரி 1,56,000. அடிப்படை விலக்கோ கழிவுகளோ அதற்குக் கிடையாது. விற்பனையாக நிறுவப்பட்டால் அதே இரண்டு லட்சத்தில் லாபப் பகுதிக்கு மட்டும்தான் வரி.

## 5. வைப்புநிதி: அசல், பழைய வட்டி, இந்த ஆண்டு வட்டி

முதிர்வுத் தொகையில் மூன்று பங்குகள் ஒன்றாகக் கிடக்கின்றன. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் போட்ட 5,00,000, மூன்று ஆண்டு கழித்து மார்ச் 2025 இறுதியில் 6,08,450 ஆக வந்தது. வட்டி 1,08,450. ஆனால் ஏஐஎஸ்ஸில் 2024-25க்குக் காட்டும் வட்டி 38,550 மட்டும்.

இரண்டும் சரிதான். சேரும் வட்டி வகை வைப்புநிதியில் வங்கி ஒவ்வொரு ஆண்டும் சேர்ந்த வட்டியை அந்தந்த ஆண்டே துறைக்குத் தெரிவித்துவிடும். 2022-23க்கு 33,800, 2023-24க்கு 36,100, இந்த ஆண்டுக்கு 38,550. பணம் கையில் வந்தது இப்போது. தகவல் போனது மூன்று தவணையாக.

இந்த வட்டி விட்டுப்போவதற்குப் பழகிய காரணம் ஒன்று இருக்கிறது. அப்போது வைப்பு வட்டிக்கான டிடிஎஸ் வரம்பு, மூத்த குடிமக்கள் அல்லாதோருக்கு ஆண்டுக்கு 40,000. மூன்று ஆண்டும் அதற்குக் கீழே இருந்ததால் பிடித்தம் இல்லை. பிடித்தம் இல்லாததால் 26ஏஎஸ்ஸில் இல்லை. 26ஏஎஸ்ஸை மட்டும் பார்த்து ரிட்டர்ன் போடும் பழக்கம் உள்ளவர்கள் வட்டியைக் காட்டாமலே போய்விடுகிறார்கள். டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று பொருள் ஆகாது.

நம் கடைக்காரரும் ரிட்டர்னில் சேமிப்புக் கணக்கு வட்டி 11,200 மட்டுமே காட்டியிருக்கிறார். எனவே 38,550 குறைகிறது. இந்தப் பயிற்சியில் கிடைத்த உண்மையான வருமான வித்தியாசம் இது ஒன்றுதான்.

முந்தைய இரண்டு ஆண்டுகளின் 69,900ஐ ‘ஏற்கனவே காட்டியது’ என்று கழிக்குமுன், அந்த ஆண்டுகளின் ரிட்டர்னைத் திறந்து உறுதிப்படுத்துங்கள். அங்கே இல்லாவிட்டால் இந்தக் கழிவு செல்லாது. வட்டியைக் கைக்கு வந்தபோது காட்டும் முறையைத் தொடர்ந்து கடைப்பிடிப்பவர் என்றால் முழு 1,08,450உம் இந்த ஆண்டு வர வேண்டும். ஓர் ஆண்டு ஒரு முறை, மறு ஆண்டு வேறு முறை என்று மாற்றிக்கொள்ள முடியாது.

## 6. வருமானம் அல்லாத வரவுகளுக்குச் சான்று இணையுங்கள்

ஒருவர் பணம் கொடுத்தார் என்றால் மூன்று கேள்விகள் வரும். அவர் யார், கொடுக்கும் வசதி அவருக்கு இருந்ததா, பரிவர்த்தனை உண்மையானதா. தந்தை கொடுத்த 2,00,000க்கு அன்பளிப்புக் கடிதம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். அவருடைய ஸ்டேட்மெண்டில் அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் இரண்டாவதற்கு. கொடுப்பதற்கு முந்தின நாள் அவர் கணக்கில் ரொக்கமாக 2,00,000 விழுந்திருந்தால் கேள்வி அவர் பக்கம் நகரும், அவ்வளவுதான். தந்தை ‘உறவினர்’ வரையறைக்குள் வருவதால் தொகை எவ்வளவானாலும் உங்களுக்கு வரி இல்லை. நண்பர் என்றால் ஆண்டு மொத்தம் 50,000ஐத் தாண்டியதும் முழுத் தொகையும் வருமானம்.

நகைக்கடனுக்கு வங்கியின் கடன் கணக்கு விவரம் போதும். சொந்த மாற்றத்துக்கு அந்த இன்னொரு கணக்கின் பற்று வரி வேண்டும். அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டையும் இதே முறையில் பிரித்தாக வேண்டும். திரும்பிய காசோலைக்கு அதே ஸ்டேட்மெண்டில் அடுத்த சில நாட்களில் அதே தொகை பற்றாகியிருக்கும்.

## 7. மூன்றையும் இணைக்கும் ஒரு பக்கம்

இதுவரை செய்ததெல்லாம் ஒரு பக்கத்தில் வர வேண்டும். வங்கி வரவில் தொடங்கி ரிட்டர்னில் முடிய வேண்டும்:

- ஸ்டேட்மெண்டின் மொத்த வரவு: 55,79,650
- கழிக்க, சொந்த மாற்றம்: 4,00,000
- கழிக்க, நகைக்கடன்: 3,00,000
- கழிக்க, தந்தையின் அன்பளிப்பு: 2,00,000
- கழிக்க, திரும்பிய காசோலை: 60,000
- கழிக்க, வைப்புநிதி அசல்: 5,00,000
- கழிக்க, முந்தைய ஆண்டுகளில் காட்டிய வட்டி: 69,900
- மீதி: 40,49,750
- கழிக்க, ரொக்க டெபாசிட்: 18,60,000
- கூட்ட, ரொக்கப் புத்தகப்படி ரொக்க விற்பனை: 24,80,000
- ரிட்டர்னில் வர வேண்டியது: 46,69,750

இதில் விற்றுமுதல் 46,20,000, வட்டி 49,750. கடைசிக்கு முந்தைய இரண்டு வரிகள்தான் பலருக்குப் புரியாதவை. டெபாசிட்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் விற்பனையை வைக்கிறோம். டெபாசிட் ஏன் விற்பனைக்குச் சமமாக இல்லை என்பதற்கு ரொக்கப் புத்தகம் இணைப்பாக நிற்கும்.

44ஏடியில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் குறைந்தபட்ச லாபம். இவருக்கு 1,98,400உம் 1,28,400உம் சேர்ந்து 3,26,800. ஆனால் வீட்டுச் செலவே ரொக்கமாக 3,35,000 போயிருக்கிறது. குறைந்தபட்சத்தை மட்டும் காட்டினால் வருமானத்தைவிடச் செலவு அதிகம் என்ற புதுக் கேள்வி பிறக்கும். இவர் 4,62,000 காட்டியிருப்பதால் அது எழவில்லை. சதவீதம் என்பது கீழ் எல்லை. உண்மையில் அதிகம் சம்பாதித்தால் அதைத்தான் காட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி வழக்கமான திட்டத்தில் இருப்பவர்கள் இன்னொரு படி செய்ய வேண்டும். வங்கிக்கு வந்த விற்பனைப் பணத்தில் வரியும் சேர்ந்திருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் விற்பனை வரி இல்லாமல் இருக்கும். வரியைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் கடைசி வரை பொருந்தாது.

## 8. பின்னூட்டம் முதலில், ரிட்டர்ன் திருத்தம் பிறகு

ஒத்துப்பார்த்து முடித்தபின்தான் ஏஐஎஸ்ஸில் பின்னூட்டம் கொடுக்க வேண்டும். முன்கூட்டி ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு ரிட்டர்னில் வேறொன்றைக் காட்டினால் இரண்டும் முரண்படும்.

கடைக்காரரின் சொந்தக் கணக்கு வரிக்கு `Information is correct`. ‘இது வருமானம் இல்லையே’ என்று இங்கே `Information is denied` கொடுப்பது மிகப் பரவலான தவறு. பணம் போட்டது உண்மை. மறுத்தால் வங்கி உண்மை என்று உறுதிசெய்யும், நீங்கள் பொய் சொன்னதாகப் பதிவாகும். ரொக்க டெபாசிட் வரி தானாக உங்கள் வருமானத்தில் சேர்ந்துவிடுவதில்லை, எனவே ஒப்புக்கொள்வதில் நட்டம் இல்லை.

தாயாரின் கணக்கு வரிக்கு `Information relates to other PAN/Year`. அவருடைய பான் எண்ணைக் கேட்கும். அவரிடம் சொல்லி, ரசீதுகள் தயாராக இருப்பதைப் பார்த்தபின் கொடுங்கள்; அந்தக் கேள்வி இனி அவரிடம் போகலாம். இருமுறை ஏறியதற்கு `Information is duplicate / included in other information`, தொகை மட்டும் பிழை என்றால் `Information is not fully correct`. பின்னூட்டத்துக்கு வங்கி என்ன சொன்னது என்ற நிலையையும் 2024 மே முதல் ஏஐஎஸ்ஸிலேயே பார்க்கலாம்.

பின்னூட்டம் ரிட்டர்னை மாற்றாது. விட்டுப்போன 38,550ஐத் திருத்திய ரிட்டர்னில்தான் சேர்க்க வேண்டும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு அதன் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. இவருடைய மொத்த வருமானம் 5,11,750. 2024-25க்குப் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி எதுவும் கூடவில்லை. ஆனாலும் அந்தத் தேதிக்குள் திருத்துவது முக்கியம். அதற்குப் பிறகு உள்ள ஒரே வழி புதுப்பித்த ரிட்டர்ன், அதைக் கூடுதல் வரி வந்தால்தான் தாக்கல் செய்ய முடியும்.

வரி வருகிறவர்களுக்கு அந்த வழி விலை அதிகம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்றால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். 24 மாதத்துக்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70.

## 9. செய்தி ஏற்கனவே வந்திருந்தால்

குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் பெரும்பாலும் `e-Campaign` வகையாக இருக்கும். செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், வருமான வரி இணையதளத்தில் நீங்களே உள்நுழைந்து `Pending Actions` வழியாக `Compliance Portal` போய்ப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் அந்தச் செய்தியை நம்ப வேண்டாம். அங்கே பிரிவு எண்ணோடு நோட்டீஸ் இருந்தால், குறிப்பாக 133(6) அல்லது 148ஏ என்றால், பதில் தேதியைக் குறித்துக்கொண்டு அன்றே ஆடிட்டரிடம் போங்கள்.

பதிலில் ஏழாம் படியின் ஒரு பக்கம் முன்னால், பின்னிணைப்பாக ரொக்கப் புத்தகம், அதன் பின் சான்றுகள், பக்க எண்ணோடு. கேட்ட வரிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். முழு ஸ்டேட்மெண்டைக் குவித்து அனுப்பி, ‘இதில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டால் கேள்வி பெருகும்.

இந்தக் கோப்பை 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குக் குறைந்தது 2029 ஜூன் 30 வரை வைத்திருங்கள். மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பப் பொதுவான காலவரம்பு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு மூன்று மாதம். தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்று துறை கருதினால் அது ஐந்து ஆண்டு மூன்று மாதம், அதாவது 2031 ஜூன் 30.